நெட் தொகை டேலி ஆகிறது, சேமநிதிப் பிடித்தம் மட்டும் இடிக்கிறது: மாதாமாதம் பார்க்க ஒரு ஷீட்

மாதக்கணக்கு | ஜூலை 2, காலை

ஜூன் மாதச் சம்பளச் சீட்டு வந்தது. மூன்று நாள் சம்பளமில்லா விடுப்பு எடுத்திருந்தேன். முழு மாதம் வேலை பார்த்தால் பேசிக் 24,000, வீட்டு வாடகைப் படி 9,600, பயணப்படி 2,400, மொத்தம் 36,000. ஜூன் சீட்டில் மொத்தம் 32,400 என்று இருக்கிறது. பிடித்தங்கள்: சேமநிதி 2,400, காப்பீடு 450, முன்பணத் தவணை 1,500, வரி 1,200. கைக்கு வந்தது 26,850.

கூட்டிக் கழித்தால் எல்லாம் சரியாக வருகிறது. ஆனால் சேமநிதி எங்களுக்கு பேசிக்கில் 10 சதவீதம். மூன்று நாள் சம்பளம் குறைந்த மாதத்திலும் அதே 2,400 பிடித்திருக்கிறார்கள். இது சரியா, தவறா? ஒவ்வொரு மாதமும் கால்குலேட்டரை எடுக்காமல், ஒரு ஷீட்டில் போட்டு வைத்தால் தானாகவே காட்டிக்கொடுக்கும்படி எப்படிச் செய்வது?

சுருக்குவழி | ஜூலை 2, காலை

இதற்குப் பெரிய ஷீட் எல்லாம் வேண்டாம். வருமானத்தைக் கூட்டுங்கள், பிடித்தத்தைக் கூட்டுங்கள், கழியுங்கள். நெட் தொகையோடு ஒத்துப்போனால் சீட்டு சரி. நான் அப்படித்தான் பார்க்கிறேன், ஒரு மாதம்கூடத் தவறு வந்ததில்லை.

மாதக்கணக்கு | ஜூலை 2, மதியம்

அதைத்தான் முதலில் பார்த்தேன். 32,400 கழித்தல் 5,550, விடை 26,850. ஒத்துப்போகிறது. சேமநிதி 2,160 என்று இருந்திருந்தால் நெட் 27,090 ஆகியிருக்கும், அதுவும் ஒத்துப்போயிருக்கும். அந்தச் சோதனை இரண்டுக்கும் தலையாட்டுகிறது.

பேரோல்_மூத்தவர் | ஜூலை 2, இரவு

நெட் டேலி ஆகாத சீட்டை நான் வேலை செய்த காலத்தில் பார்த்ததே இல்லை என்று சொல்லலாம். கூட்டல் கழித்தலை மென்பொருள் செய்கிறது, அது தவறாது. தவறு எப்போதும் அதற்கு முன்னால்தான் நடக்கும்: எத்தனை நாள், எந்தத் தொகையின் மீது, எந்த விகிதம். ஆகவே உங்கள் ஷீட் அந்த மூன்றையும் தனியாக வைத்துக்கொண்டு பிடித்தத்தைப் புதிதாகக் கணக்கிட வேண்டும். சீட்டில் அச்சாகியிருக்கும் பிடித்தத் தொகை அந்தக் கணக்குக்குள் எந்த வழியிலும் நுழையக் கூடாது. அது கடைசியில் ஒப்பிட மட்டும்.

இன்னொன்று. மாதத்துக்கு ஒரு ஷீட் என்று போடாதீர்கள். மாதத்துக்கு ஒரு வரி. ஏன் என்று பிறகு புரியும்.

மாதக்கணக்கு | ஜூலை 3

உட்கார்ந்து போட்டுவிட்டேன். A மாதம். B ஒரு நாள் சம்பளம் காண எத்தனையால் வகுக்கிறார்கள் என்பது. C சம்பளமில்லா நாட்கள். D முழு பேசிக். E சீட்டில் உள்ள பேசிக். F சீட்டில் உள்ள சேமநிதிப் பிடித்தம். இந்த ஆறும் கையால் அடிப்பது, மஞ்சள் நிறம் கொடுத்துவிட்டேன். மீதி நான்கும் கணக்கு:

```
G2  =ROUND(D2*(B2-C2)/B2,0)
H2  =ROUND(G2*10%,0)
I2  =F2-H2
J2  =SUM(I$2:I2)
```

G வரவேண்டிய பேசிக், H வரவேண்டிய பிடித்தம், I வித்தியாசம், J ஆரம்பத்திலிருந்து இதுவரை சேர்ந்த வித்தியாசம். இரண்டாவது வரியில் எழுதி, கீழே இழுத்தால் போதும்.

ஜூன் வரியில் B 30, C 3. G 21,600 என்று வந்தது, சீட்டிலும் அதுதான். H 2,160. I 240.

சுருக்குவழி | ஜூலை 3

30 ஆல் ஏன் வகுக்கிறீர்கள்? வார விடுமுறை போக மாதத்தில் வேலை நாள் 26. எல்லா இடத்திலும் 26 தான். 26 போட்டால் ஒரு நாள் சம்பளம் கூடும், மூன்று நாளுக்கு 2,769 கழிய வேண்டும். உங்களுக்கு 2,400 தான் கழித்திருக்கிறார்கள். பேசாமல் இருப்பது நல்லது!

பேரோல்_மூத்தவர் | ஜூலை 3, இரவு

26 வைக்கிற இடங்கள் நிறைய உண்டு, எல்லா இடமும் அல்ல. மாதத்தின் நாட்களாலேயே வகுப்பவர்கள் உண்டு, எந்த மாதமானாலும் 30 என்று நிலையாக வைத்திருப்பவர்களும் உண்டு. ஊகிக்க வேண்டாம், சீட்டே சொல்லும். முழு பேசிக்கை விடுப்பு நாட்களால் பெருக்கி, குறைந்த தொகையால் வகுத்துப் பாருங்கள்:

```
=D2*C2/(D2-E2)
```

உங்கள் ஜூனுக்கு 24,000 பெருக்கல் 3, வகுத்தல் 2,400. விடை 30. ஆனால் ஜூனுக்கே 30 நாள் என்பதால், மாதத்தின் நாளா, நிலையான 30 ஆ என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. 30 நாள் இல்லாத ஒரு மாதத்தில் விடுப்பு எடுத்த சீட்டு இருக்கிறதா?

மாதக்கணக்கு | ஜூலை 4

பிப்ரவரியில் இரண்டு நாள் எடுத்திருக்கிறேன். சீட்டில் பேசிக் 22,400. 24,000 பெருக்கல் 2, வகுத்தல் 1,600, மறுபடியும் 30. அந்த மாதத்துக்கு 28 நாள். அதனால் வகுத்திருந்தால் 22,286 வந்திருக்கும். அப்போ எங்கள் இடத்தில் நிலையான 30. B நிரல் முழுக்க 30 என்று அடித்தாயிற்று.

இதைவிட முக்கியமான ஒன்று கண்ணில் பட்டது. பிப்ரவரியில் சேமநிதி 2,240 பிடித்திருக்கிறார்கள். அதாவது குறைந்த பேசிக்கில்தான் 10 சதவீதம் போட்டிருக்கிறார்கள். பிப்ரவரி வரியில் I பூஜ்யம், ஜூன் வரியில் 240. ஒரே அலுவலகம், ஒரே விதி, இரண்டு விதமான கணக்கு.

பேரோல்_மூத்தவர் | ஜூலை 4

மாதத்துக்கு ஒரு வரி என்று சொன்னது இதற்காகத்தான். விதி என்ன என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரியாத நிலையிலும், அவர்களே இரண்டு மாதத்தில் இரண்டு விதமாகச் செய்திருந்தால் ஒன்று தவறாகத்தான் இருக்க வேண்டும். கேட்பதற்கு அதுவே போதும்.

இன்னொரு வழியிலும் பாருங்கள். வித்தியாசத்தை விகிதத்தால் வகுங்கள். 240 ஐ 10 சதவீதத்தால் வகுத்தால் 2,400. அந்தத் தொகை உங்கள் சீட்டில் எதுவாக இருக்கிறது? விடுப்புக்காக பேசிக்கில் குறைத்த தொகை அதேதான். ஆக, விகிதத்தில் பிழை இல்லை. குறைக்காத முழு பேசிக்கின் மேல் சதவீதம் போட்டிருக்கிறார்கள். என்ன நடந்தது என்றுகூட ஓரளவு ஊகிக்கலாம்: விடுப்புப் பதிவு தாமதமாகப் போயிருக்கும், அதற்குள் பிடித்தங்களை ஓட்டி மூடியிருப்பார்கள், பிறகு பேசிக்கையும் படிகளையும் மட்டும் யாரோ கையால் திருத்தியிருப்பார்கள். விடுப்பு எந்தத் தேதியில் எடுத்தீர்கள்?

மாதக்கணக்கு | ஜூலை 4

மாதக் கடைசி வாரம்.

இரவு_ஷிஃப்ட் | ஜூலை 6

என் கதையையும் இங்கேயே கேட்டுவிடுகிறேன். எனக்கு வரிப் பிடித்தத்தில்தான் பிரச்சினை. எட்டு மாதமாக மாதம் 1,200 பிடித்தார்கள். ஒன்பதாவது மாதம் ஒரே தாவலில் 1,800. சம்பள உயர்வு வந்தது உண்மைதான், ஆனால் சம்பளம் ஒன்றும் ஒன்றரை மடங்கு ஆகவில்லையே. மாதக்கணக்கு போட்ட ஷீட்டில் 10 சதவீதத்துக்குப் பதில் வரி விகிதத்தைப் போட்டால் பிடித்துவிடலாமா?

பேரோல்_மூத்தவர் | ஜூலை 6

முடியாது. சேமநிதி அந்தந்த மாதத்தோடு முடிகிற கணக்கு. உங்கள் வரி அப்படிப் பிடிப்பதாகத் தெரியவில்லை. ஆண்டு முழுதுக்குமான வரியை மதிப்பிட்டு, இதுவரை பிடித்ததைக் கழித்து, மீதி மாதங்களால் வகுக்கிறார்கள் என்று நினைக்கிறேன். எட்டு மாதத்தில் 9,600 கட்டியிருக்கிறீர்கள். மாதம் 1,200 என்றால் ஆண்டுக்கு 14,400 என்று முதலில் போட்டிருப்பார்கள். உயர்வுக்குப் பிறகு ஆண்டு வரி 16,800 ஆகியிருந்தால், 16,800 கழித்தல் 9,600, அதாவது 7,200. மீதி நான்கு மாதம், மாதம் 1,800. உங்கள் எண்ணோடு பொருந்துகிறது. கூடுதல் 2,400 முழுவதும் நான்கு மாதத்துக்குள் அடைக்கப்படுவதால்தான் தாவல் பெரிதாகத் தெரிகிறது.

அந்த 16,800 சரியா என்பது வேறு கேள்வி. அதற்கு உங்கள் ஊரின் வரி அடுக்குகளை வைத்துத் தனியாகப் பார்க்க வேண்டும். இந்த ஷீட்டுக்குள் அதைத் திணிக்காதீர்கள்.

இரவு_ஷிஃப்ட் | ஜூலை 7

வரி புரிந்தது, நன்றி. சும்மா இருக்காமல் சேமநிதியையும் போட்டுப் பார்த்தேன். என் பேசிக் 20,000, எனக்கும் 10 சதவீதம். பிடித்தது 2,150. விடுப்பு எடுக்காத ஒவ்வொரு மாதமும் I நிரலில் 150, 150, 150. J ஏறிக்கொண்டே போகிறது. நீங்கள் சொன்ன மாதிரி 150 ஐ 10 சதவீதத்தால் வகுத்தால் 1,500. அது என் இரவுப்பணிப் படி! படி கொடுக்க ஆரம்பித்த மாதத்திலிருந்துதான் வித்தியாசமும் ஆரம்பிக்கிறது.

சுருக்குவழி | ஜூலை 7

தெளிவான தவறு. சேமநிதி பேசிக்கில் மட்டும்தான். போய்ச் சண்டை போடுங்கள்.

பேரோல்_மூத்தவர் | ஜூலை 8

சண்டைக்கு முன்னால் விதியைப் படியுங்கள். பல இடங்களில் நிலையாகக் கிடைக்கும் படிகளும் சேமநிதிக்கான சம்பளத்தில் சேரும். எல்லாருக்கும் ஒரே மாதிரி கொடுக்கிறார்களா, வேலை செய்த இரவுகளுக்கு மட்டும் கொடுக்கிறார்களா என்பதைப் பொறுத்து மாறலாம். மாதம் தவறாமல் ஒரே தொகை வித்தியாசம் வந்தால் அது கைப்பிழையாக இருக்க வாய்ப்பு குறைவு. யாரோ மென்பொருளில் அந்தப் படிக்கு எதிரே ‘சேமநிதிக்கு உண்டு’ என்று குறித்திருக்கிறார்கள். தெரிந்து குறித்தார்களா, தெரியாமலா என்பதைத்தான் கேட்க வேண்டும்.

இரவு_ஷிஃப்ட் | ஜூலை 8

ஆளுக்கு ஆள் மாறாது, ஆனால் பகல் ஷிஃப்டுக்குப் போனால் நின்றுவிடும். இது எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. விதியைக் கேட்டு எழுதியிருக்கிறேன்.

மாதக்கணக்கு | ஜூலை 9

நேற்று முந்தைய சீட்டுகளை பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது ஒன்று கவனித்தேன், மற்றவர்களுக்கு உதவும். சில எண்கள் கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நின்றன. எண் என்றால் வலப்பக்கம் நிற்க வேண்டும். அவை எண் மாதிரி தெரிகிற எழுத்துகள், பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. SUM இவற்றைச் சத்தமில்லாமல் விட்டுவிடும், பிழை என்றும் சொல்லாது. மொத்தம் குறைவாக வந்து, அலுவலகத்தின் மேல் சந்தேகம் வரும். ஒட்டியதும் பக்கத்தில் `=ISNUMBER(E2)` என்று போட்டுப் பாருங்கள். FALSE என்றால் இதைப் போட்டுச் சுத்தம் செய்யலாம்:

```
=VALUE(SUBSTITUTE(SUBSTITUTE(E2,CHAR(160),""),",",""))
```

ஆனால் மாதத்துக்கு ஆறு எண்தான். இனி கையால் அடித்துவிடுவேன், அடிக்கும்போது ஒவ்வொன்றும் கண்ணில் படுகிறது.

இரவு_ஷிஃப்ட் | ஜூலை 11

எனக்கு இன்னொரு சந்தேகம். மே மாதம் ஒரு நாள் விடுப்பு. எங்கள் இடத்தில் மாதத்தின் நாட்களால் வகுக்கிறார்கள், அதாவது 31. பேசிக் 20,000, வாடகைப் படி 8,000, இரவுப்படி 1,500, மொத்தம் 29,500. 30/31 ஆல் பெருக்கினால் 28,548. சீட்டில் 28,549. ஒன்று கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்கள்.

மாதக்கணக்கு | ஜூலை 11

தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். பேசிக் 19,354.84, அது 19,355 ஆகும். வாடகைப் படி 7,741.94, அது 7,742. இரவுப்படி 1,451.61, அது 1,452. மூன்றையும் கூட்டினால் 28,549. அவர்கள் ஒவ்வொரு வரியையும் முழு எண்ணாக்கிவிட்டுக் கூட்டுகிறார்கள், நீங்கள் கூட்டிவிட்டு முழு எண்ணாக்குகிறீர்கள். இரண்டிலும் தவறில்லை. சீட்டு எப்படிச் செய்கிறதோ அப்படியே ஷீட்டும் செய்தால் இந்த ஒன்று மறையும்.

நான் K நிரலில் இப்படி வைத்திருக்கிறேன், ஒன்றுக்குள் இருந்தால் கட்டம் காலியாக இருக்கும்:

```
K2  =IF(ABS(I2)<=1,"","பார்")
```

பேரோல்_மூத்தவர் | ஜூலை 11

நல்லது, ஆனால் J ஐயும் மறக்காதீர்கள். ROUND அரைக்குக் கீழே இருந்தால் இறக்கும், அரையிலிருந்து ஏற்றும். சில விதிகளில் பின்னம் எவ்வளவு சிறிதாக இருந்தாலும் ஏற்றத்தான் வேண்டும். அப்படியானால் I நிரலில் வெறும் பூஜ்யமும் ஒன்றும்தான் வரும், K எதையும் சொல்லாது, J மட்டும் மெல்ல ஒரே திசையில் ஏறும். முழு எண்ணாக்கும் முறை ஒன்றாக இருந்தால் J பூஜ்யத்திலேயே நிற்கும். ஒரே பக்கம் நகர்ந்தால் ROUND ஐ ROUNDUP ஆக மாற்றிப் பாருங்கள்.

இன்னொரு யோசனை. உங்கள் H, G ஐப் பிடித்துப் போகிறது. பேசிக்கிலேயே தவறு இருந்தால், சரியாகப் பிடித்த சேமநிதியும் தவறு மாதிரி தெரியும். H ஐ E யின் மேல் கணக்கிட்டு, E கழித்தல் G என்று இன்னொரு நிரல் வையுங்கள். எந்த இடத்தில் பிழை என்று தனித்தனியாகத் தெரியும்.

மாதக்கணக்கு | ஜூலை 12

E கழித்தல் G சேர்த்துவிட்டேன், L நிரல். ஆனால் H ஐ மாற்ற மனம் வரவில்லை. நீங்கள்தான் முதலில் சொன்னீர்கள், சீட்டின் எண் கணக்குக்குள் நுழையக் கூடாது என்று. பேசிக் தவறினால் சேமநிதியும் எவ்வளவு தவறியது என்று முழுத் தொகையாக எனக்குத் தெரிய வேண்டும், ஏனென்றால் கேட்கும்போது இரண்டையும்தான் கேட்கப்போகிறேன்.

பேரோல்_மூத்தவர் | ஜூலை 12

நான் சொன்னது பிடித்தத் தொகை நுழையக் கூடாது என்று. பேசிக் வேறு. சரி, L இருக்கும் வரை உங்கள் முறையிலும் ஓடும். நான் பார்த்தால் என் முறையில்தான் வைப்பேன்.

மாதக்கணக்கு | ஜூலை 15

சம்பளப் பிரிவுக்கு எழுதினேன். ‘தவறு’ என்ற சொல்லே இல்லாமல், பிப்ரவரி வரியையும் ஜூன் வரியையும் ஒன்றின்கீழ் ஒன்றாக ஒட்டி, எந்த முறை சரி என்று மட்டும் கேட்டேன். பார்க்கிறோம் என்று பதில் வந்தது.

சுருக்குவழி | ஜூலை 15

240 க்காக இவ்வளவா? அது எங்கேயும் போகவில்லை, உங்கள் சேமநிதியில்தான் கிடக்கிறது.

மாதக்கணக்கு | ஜூலை 15

கிடக்கிறதா என்பதுதான் எனக்கும் தெரிய வேண்டும். சீட்டில் 2,400 பிடித்ததாக இருக்கிறது. நிதிக் கணக்குக்கு அனுப்பும் பட்டியலைக் குறைந்த பேசிக்கை வைத்துப் போட்டிருந்தால் அங்கே 2,160 தான் போயிருக்கும். அப்புறம் நிறுவனம் எனக்காகப் போடும் பங்கு எதன் மேல் கணக்கிடப்பட்டது? சீட்டில் அது அச்சாவதில்லை.

மாதக்கணக்கு | ஆகஸ்ட் 1

ஜூலைச் சீட்டு வந்தது. விடுப்பே இல்லை, முழு பேசிக் 24,000. சேமநிதி 2,160! H 2,400, I கழித்தல் 240, K ‘பார்’ என்று கத்துகிறது. J மட்டும் பூஜ்யம்.

ஜூனில் கூடுதலாகப் பிடித்ததை ஜூலையில் குறைத்துச் சரிக்கட்டியிருக்கிறார்கள். அரியர்ஸ் என்று தனி வரி எதுவும் இல்லை, பிடித்தத்துக்குள்ளேயே கழித்துவிட்டார்கள். ஜூலைச் சீட்டை மட்டும் பார்த்திருந்தால் இதையே புதுத் தவறு என்று நினைத்திருப்பேன்.

பேரோல்_மூத்தவர் | ஆகஸ்ட் 1

J ஐ இப்படிப் படியுங்கள். ஏறி, அடுத்த மாதமே பூஜ்யத்துக்கு வந்தால் சரிக்கட்டிவிட்டார்கள். ஒரு மாதம் ஏறி அங்கேயே நின்றால் ஒருமுறை நடந்த பிழை, திருத்தவில்லை. இரவு_ஷிஃப்ட்டுக்கு வருவது போல் மாதாமாதம் ஒரே அளவு ஏறினால், விதியை அவர்கள் ஒரு மாதிரியும் நீங்கள் ஒரு மாதிரியும் புரிந்திருக்கிறீர்கள்.

விகிதம் மாறும் நாளுக்கும் தயாராக இருங்கள். H க்குள் 10% என்று எழுதி வைத்தால், விகிதம் மாறியதும் அதைத் திருத்துவீர்கள், பழைய மாதங்கள் எல்லாம் தவறாகக் காட்டும். ‘விதி’ என்று இன்னொரு தாள் வைத்து, A யில் எந்தத் தேதி முதல், B யில் விகிதம், தேதி வரிசையில். அப்புறம்:

```
H2  =ROUND(G2*LOOKUP(A2,'விதி'!$A$2:$A$20,'விதி'!$B$2:$B$20),0)
```

A நிரலில் மாதத்தின் பெயரை எழுத்தாக அடிக்காமல், மாதத்தின் முதல் தேதியாக அடியுங்கள். இல்லாவிட்டால் இது ஓடாது.

இரவு_ஷிஃப்ட் | ஆகஸ்ட் 4

எனக்கு பதில் வந்தது. இரவுப்படி சேமநிதிக்கு உண்டு என்கிறார்கள். எந்த விதிப்படி என்று கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை. ‘விதி’ தாளில் அதற்கு ஒரு வரி போட்டு, பக்கத்தில் கேள்விக்குறி வைத்திருக்கிறேன்.

சுருக்குவழி | ஆகஸ்ட் 4

நானும் பழைய சீட்டுகளை ஒரு வரிக்கு ஒரு மாதம் என்று போட்டுப் பார்த்தேன். முன்பணத் தவணை 1,500 வீதம் பன்னிரண்டு, மொத்தம் 18,000. பதின்மூன்றாவது மாதமும் 1,500 போயிருக்கிறது. நெட் தொகை அந்த மாதமும் டேலி ஆகத்தான் செய்தது.

மாதக்கணக்கு | ஆகஸ்ட் 4

முன்பணத்துக்கு விகிதமே வேண்டாம். எடுத்த தொகையிலிருந்து பிடித்ததை ஒவ்வொரு வரியிலும் கழித்துக்கொண்டே போங்கள், எதிர்மறைக்குப் போகும் மாதத்தில் கேளுங்கள். கடைசி இரண்டு சீட்டையும் இணைத்து அனுப்புங்கள்.

மாதக்கணக்கு | ஆகஸ்ட் 19

நிதிக் கணக்கின் விவரம் வந்துவிட்டது. M என்று ஒரு நிரல் சேர்த்து, கணக்கில் உண்மையில் வந்த என் பங்கை அடித்தேன். பிப்ரவரி 2,240. ஜூன் 2,400. நிறுவனத்தின் பங்கு ஜூனில் 2,160. அதாவது எனக்கு முழு பேசிக்கிலும் அவர்களுக்குக் குறைந்த பேசிக்கிலும் கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஜூலை வரவு இன்னும் ஏறவில்லை. என் பங்கு 2,160, அவர்கள் பங்கு 2,400 என்று வந்தால் கணக்கு முடிந்தது. என் பங்கைச் சரிக்கட்டிய கையோடு அவர்கள் பங்கையும் 2,160 ஆக்கியிருந்தால், மறுபடி எழுத வேண்டும். அடுத்த விவரம் வந்ததும் இங்கே போடுகிறேன்.